‘தேன் ஐ’, ‘தேன் மீ’: எங்கே எதை எழுதுவது

‘அவள் என்னைவிட உயரம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கடைசிச் சொல்லில் கை நின்றுவிடும். ‘ஷி இஸ் டாலர் தேன்’ வரைக்கும் தடையில்லாமல் வரும். அப்புறம் ‘ஐ’யா, ‘மீ’யா? கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிறார்கள். புதுச்சேரியில் வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர்களும் அலுவலகத்துக்கு எழுதிய மெயிலைக் காட்டி இதையே கேட்கிறார்கள். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மேற்கோளுக்குள் வரும் ‘தேன்’ எல்லாம் ஒப்பிடப் பயன்படும் அந்த ஆங்கிலச் சொல்தான்.

கேட்பவர்கள் ‘ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மிஸ்’ என்கிறார்கள். உண்மையில் நம் கையில் இருப்பது மூன்று வழி. ‘தேன் ஐ’ என்று முடிக்கலாம். ‘தேன் மீ’ என்று முடிக்கலாம். ‘தேன் ஐ ஆம்’, ‘தேன் ஐ டூ’ என்று ஒரு சிறு வினையையும் சேர்த்து முடிக்கலாம். மூன்றாவதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. என் கணக்கில் எழுத்துக்கு அதுதான் மூன்றிலும் நல்லது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், முதல் இரண்டில் எது எங்கே சரி என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவருக்கு மூன்றாவது வழியும் கைகொடுக்காது.

நமக்கு ‘மீ’தான் முதலில் வாயில் வருகிறது. தமிழில் ‘விட’ எப்போதும் தனக்கு முன்னால் இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும். என்னைவிட, அவளைவிட, உங்களைவிட. ‘நான்விட’ என்று யாரும் சொல்வதில்லை. புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவர்களுக்கும் இதே பழக்கம்தான். பிரெஞ்சில் ‘க முவா’ என்றுதான் முடிப்பார்கள். எழுவாய் வடிவத்தை அங்கே தனியாக நிறுத்த அந்த மொழியில் இடமே இல்லை. ஆகவே ‘மீ’ என்று வருவதைத் தமிழ் வாயின் குறை என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் பேச்சில் பெரும்பாலும் ‘தேன் மீ’ என்றுதான் சொல்கிறார்கள்.

பிரச்சினை தொடங்குவது வேறு இடத்தில். ‘மீ’ கொச்சை, ‘ஐ’ மரியாதை என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டவர் அன்றிலிருந்து ‘தேன்’ வந்த இடத்திலெல்லாம் ‘ஐ’ போடத் தொடங்குகிறார். பேச்சில் ‘மீ’ என்று சொல்வது அதிகபட்சம் சாதாரண நடை, அவ்வளவுதான். ஆனால் ‘மீ’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ எழுதுவது முழுப் பிழை. அதை எந்த இலக்கண நூலாலும் காப்பாற்ற முடியாது.

சோதனை எளிது. ‘தேன்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் வினையை எடுத்து, ‘தேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறுபடி எழுதிப் பாருங்கள். வினையை மட்டும் எடுத்தால் போதாது. அதற்குச் செயப்படுபொருள் இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். இப்போது ‘நான்’ அந்த வாக்கியத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பாருங்கள். வினையைச் செய்பவர் நாற்காலி என்றால் ‘ஐ’. வினை வந்து விழுகிற நாற்காலி என்றால் ‘மீ’.

‘ஷி இஸ் டாலர் தேன்’ என்பதில் வினை ‘இஸ்’. பின்னால் எழுதினால் ‘தேன் ஐ ஆம் டால்’ என்று ஆகும். நான் உயரம், அவள் என்னைவிட உயரம். நான் எழுவாய். எனவே கண்டிப்பான விதிப்படி ‘தேன் ஐ’. இந்த வகை வாக்கியத்தில் இன்னொரு பொருளுக்கு வழியே கிடையாது. செயப்படுபொருள் இல்லாத வினையாக இருப்பதால் ‘தேன் மீ’ என்று எழுதினாலும் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். இங்கே ‘ஐ’, ‘மீ’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நடையில் மட்டும்தான்.

செயப்படுபொருள் கேட்கும் வினை வந்தால் நிலைமை மாறிவிடும். ‘ஹீ ட்ரஸ்ட்ஸ் ஹெர் மோர் தேன் ஐ’ என்றால், நான் அவளை நம்புவதைவிட அவர் அவளை அதிகம் நம்புகிறார். ‘ஹீ ட்ரஸ்ட்ஸ் ஹெர் மோர் தேன் மீ’ என்றால், அவர் என்னை நம்புவதைவிட அவளை அதிகம் நம்புகிறார். ஒரு சொல் மாறியதும் யார் மனம் நோக வேண்டும் என்பதே மாறிப்போகிறது. தமிழில் ‘அவர் என்னைவிட அவளை அதிகம் நம்புகிறார்’ என்று எழுதினால் இரண்டு பொருளும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும். பேச்சின் சூழலை வைத்து நாம் பிரித்துக்கொள்வோம், அல்லது ‘நான் நம்புவதைவிட’ என்று விரித்துச் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லின் வடிவமே பிரித்துக் காட்ட முடிகிறது. அந்த வசதி கிடைப்பது சரியான வடிவத்தைப் போட்டால்தான்.

என் வகுப்புக்கு வரும் ஒரு பெண் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில். ஷிஃப்ட் நேரத்தை மாற்றி, இரவு தாமதமாக முடியும்படி வைத்துவிட்டார்கள். உடன் வேலை பார்க்கும் பெண்ணின் வீடு லாஸ்பேட்டையில். அவர் ஆட்டோ பிடித்தால்கூட வீட்டுக்குப் போய்விடுவார். இவரோ பஸ்ஸைப் பிடித்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி கடலூர் வர வேண்டும். பழைய ஷிஃப்டுக்கே மாற்றித் தரும்படி மேலாளருக்குக் கடிதம் எழுதினார். ‘தேன் மீ’ என்று எழுதியிருந்ததை எல்லாம் அலுவலகத் தோழி ஒருவர் ‘தேன் ஐ’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். ‘எல்லாத்தையும் மாத்திட்டேன் மிஸ், ஒருதடவை பாத்துக் கொடுங்க’ என்று நீட்டினார். ஒப்பீடு உள்ள வாக்கியங்கள் அதில் நான்கு.

முதல் வாக்கியம்: ‘ஷி ரீச்சஸ் ஹோம் எர்லியர் தேன் ஐ.’ அவள் என்னைவிட முன்னதாக வீடு சேருகிறாள். வினையைப் பின்னால் கொண்டுபோனால் ‘தேன் ஐ ரீச் ஹோம்’. வீடு போய்ச் சேருவது நான். எனவே ‘ஐ’ சரி. இதில் பிழை இல்லை. ஆனால் ‘தேன் ஐ’ என்று வெட்டி நிறுத்தியது கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கிறது. வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று சொல்கிற கடிதத்துக்கு அந்த விறைப்பு வேண்டாம். ‘தேன் ஐ டூ’ என்று ஒரு சொல் சேர்த்தால் விறைப்பு போய்விடும், இலக்கணமும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது: ‘தி நியூ ஷிஃப்ட் அஃபெக்ட்ஸ் ஹெர் லெஸ் தேன் ஐ.’ புதிய ஷிஃப்ட் என்னைவிட அவளைக் குறைவாகவே பாதிக்கிறது என்று சொல்ல நினைத்தது. வினை ‘அஃபெக்ட்ஸ்’, செயப்படுபொருள் ‘ஹெர்’. இவர் எழுதியிருக்கிற ‘ஐ’யை வைத்து விரித்துப் பார்த்தால் ‘தேன் ஐ அஃபெக்ட் ஹெர்’ என்று வருகிறது. ஷிஃப்ட் அவளைப் பாதிப்பதைவிட நான் அவளை அதிகம் பாதிக்கிறேன் என்று பொருள்! புகார் சொல்ல வந்தவர் மேலேயே புகார் திரும்பிவிட்டது. சரியாக விரித்தால் ‘தேன் இட் அஃபெக்ட்ஸ் மீ’ என்று வரும். பாதிப்பது ஷிஃப்ட், பாதிக்கப்படுவது நான். எனவே ‘தேன் மீ’. இங்கே ‘மீ’ என்பது பேச்சு நடை, எழுத்து நடை என்ற கேள்வியே எழாது. எந்த நடையிலும் அது ஒன்றுதான் விடை. இவர் முதலில் எழுதியது சரியாக இருந்தது, மாற்றியபோதுதான் கெட்டது.

மூன்றாவது வாக்கியத்தில் நான் சற்று அதிக நேரம் நின்றேன். ‘தி சூப்பர்வைசர் கால்ஸ் மீ ஆன் ஹாலிடேஸ் மோர் ஆஃபன் தேன் ஷி.’ விடுமுறை நாளில் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிடுவதைவிட என்னை அதிகம் கூப்பிடுகிறார் என்பது குறை. ‘ஐ’யை மரியாதை என்று எண்ணியவர் அதே கணக்கில் ‘ஹெர்’ என்பதையும் ‘ஷி’ ஆக்கிவிட்டார். இதை விரித்தால் ‘தேன் ஷி கால்ஸ் மீ’. அதாவது அந்தப் பெண்ணும் விடுமுறை நாளில் இவரைக் கூப்பிடுகிறாள், சூப்பர்வைசர் அதைவிட அதிகமாகக் கூப்பிடுகிறார். இரண்டாவது வாக்கியமாவது படித்ததும் இடறும், ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். இது இடறாது. ஒழுங்கான ஆங்கிலம், ஒழுங்கான பொருள், ஆனால் வேறு பொருள். மேலாளர் படித்துவிட்டு அந்த லாஸ்பேட்டைப் பெண்ணையும் கூப்பிட்டு, ‘நீங்க எதுக்கு லீவு நாள்ல இவங்களைக் கூப்பிடுறீங்க?’ என்று கேட்டாலும் கேட்கலாம்.

‘தேன் ஹெர்’ என்று மாற்றினால் விதிப்படி சரியாகிவிடும். இருந்தும் நான் அதோடு விடவில்லை. எழுதுபவர் விதியைப் பின்பற்றலாம். படிப்பவர் எப்படிப் படிப்பார் என்று நமக்குத் தெரியாது. பேச்சில் ‘ஷி’ வர வேண்டிய இடத்திலும் ‘ஹெர்’ என்று சொல்வது சகஜம் என்பதால், படிப்பவர் ‘தேன் ஹெர்’ என்பதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ‘மோர் ஆஃபன் தேன் ஹீ கால்ஸ் ஹெர்’ என்று முழுதாக எழுதச் சொன்னேன். இரண்டு சொல் கூடியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

நான்காவது: ‘ஷி இஸ் ஜூனியர் தேன் ஐ.’ இதில் ‘ஐ’யா ‘மீ’யா என்று யோசிப்பதே வீண். ‘ஜூனியர்’ என்ற சொல்லோடு ‘தேன்’ சேராது, ‘டு’தான் சேரும். ‘ஷி இஸ் ஜூனியர் டு மீ.’ ‘டு’ சந்தேகமில்லாத பிரிபொசிஷன். அதற்குப் பின்னால் எப்போதும் ‘மீ’, ‘ஹிம்’, ‘ஹெர்’ மட்டும்தான். ‘சீனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, இவையும் இதே வரிசை. நம் ஊர் அலுவலகங்களில் ‘சீனியர் தேன் மீ’ என்று தினமும் காதில் விழுவதால் அது சரி போலவே பழகிவிடுகிறது.

நான்கு வாக்கியத்திலும் ‘ஐ’ வழியைப் பிடித்ததில் ஒன்றுதான் தேறியது. ‘தேன்’ வந்தால் ‘ஐ’ என்று பொதுவிதி வைத்துக்கொள்வதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு தூரம் அதைப் பிடிக்க வேண்டும் என்பதும் விளங்கும். 1762-இல் ராபர்ட் லோத் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஓர் இலக்கண நூல் எழுதினார். ‘தேன்’ இரண்டு வாக்கியங்களை இணைக்கும் கன்ஜங்ஷன், எனவே பின்னால் வருவது மறைந்திருக்கும் வினைக்கு ஏற்ற வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நம் பள்ளிப் புத்தகங்கள்வரை வந்து சேர்ந்திருப்பது இதே பார்வைதான். வினையை விரித்துப் பார்க்கும் சோதனையும் இதிலிருந்து பிறந்ததே. ஆனால் லோத் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே நல்ல எழுத்தாளர்கள் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் காசியஸ் ‘நோ மைட்டியர் தேன் தைசெல்ஃப் ஆர் மீ’ என்கிறான். விதிப்படி அங்கே ‘ஐ’ வந்திருக்க வேண்டும். லோத் அவர்களே ‘தேன் ஹூம்’ என்ற வழக்கை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். மில்டனே அப்படி எழுதியிருக்கிறார். ‘ஹூ’ எழுவாய் வடிவம், ‘ஹூம்’ செயப்படுபொருள் வடிவம். ‘தேன் ஹூ’ என்று அந்த இடத்தில் யாருக்குமே எழுத வரவில்லை.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. ‘தேன்’ கன்ஜங்ஷன் மட்டும்தான் என்றால் ‘டாலர் தேன் சிக்ஸ் ஃபீட்’ என்பதில் மறைந்திருக்கும் வினை எது? ஆறு அடிக்குப் பின்னால் என்ன வினையைப் போட்டாலும் ஆங்கிலமாக ஒலிக்காது. ‘ஆஃப்டர்’ என்ற சொல்லையும் பாருங்கள். ‘ஷி கேம் ஆஃப்டர் ஐ கேம்’ என்று வினையோடும் வரும், ‘ஷி கேம் ஆஃப்டர் மீ’ என்று வினையில்லாமலும் வரும். வினை இல்லாதபோது ‘ஆஃப்டர் ஐ’ என்று எழுதச் சொல்லி யாரும் நம்மைத் திருத்துவதில்லை. ‘தேன்’ மட்டும் ஏன் தனி? 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் ‘தேன்’ என்பதைப் பிரிபொசிஷனாகவே கொள்கிறார்கள். ‘தேன் மீ’ அவர்களுக்குப் பிழையில்லை. எனக்கும் இந்த வாதம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு தரப்பில் எதை ஏற்றாலும், ‘அஃபெக்ட்ஸ் ஹெர் லெஸ் தேன் ஐ’ பிழைதான். சண்டை நடப்பது ‘ஐ’ வரக்கூடிய இடத்தில் ‘மீ’யும் வரலாமா என்பதில் மட்டும். ‘மீ’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ வரலாம் என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

சரி, மூன்றாவது வழிக்கு வருகிறேன். வினையைச் சேர்த்து எழுதினால் லோத் தரப்பும் ஒத்துக்கொள்ளும், எதிர்த்தரப்பும் ஒத்துக்கொள்ளும். வினை வந்துவிட்டால் முன்னால் ‘ஐ’தான் வரும், ‘தேன் மீ டூ’ என்று வரவே வராது. இதற்கு இன்னொரு பலமும் உண்டு. காலத்தையும் அதில் ஏற்றலாம். மகளைப் பற்றி எழுதும் ஓர் அம்மா ‘ஷி இஸ் டாலர் தேன் ஐ வாஸ் அட் ஹெர் ஏஜ்’ என்று எழுத முடியும்: அவள் வயதில் நான் இருந்த உயரத்தைவிட இப்போது அவள் உயரம். ‘தேன் மீ’ என்று நிறுத்தினால் இன்றைக்கு இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த உயரம் மட்டும்தான் கிடைக்கும்.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு குழி இருக்கிறது. சேர்க்கும் வினை முதல் பாதியின் வினைக்குப் பொருந்த வேண்டும். ‘ஷி ஸ்பீக்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ ஆம்’ என்று எழுதுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ‘தேன் ஐ ஆம்’ என்பதை ஒரே துண்டாக மனப்பாடம் செய்துவிடுவதால் வருவது இது. முதல் பாதியில் ‘இஸ்’, ‘ஆர்’ போன்றவை இருந்தால்தான் ‘ஆம்’. ‘ஸ்பீக்ஸ்’, ‘ரீச்சஸ்’ போன்ற சாதாரண நிகழ்கால வினை இருந்தால் ‘டூ’. ‘கேம்’, ‘ரோட்’ போன்ற இறந்தகாலம் என்றால் ‘டிட்’. ‘கேன்’ இருந்தால் ‘கேன்’. ‘ஹேஸ் ஃபினிஷ்ட்’ என்று துணைவினையோடு இருந்தால் ‘ஹேவ்’. சந்தேகம் வந்தால் முதல் பாதியைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். ‘டஸ் ஷி ஸ்பீக் ஃபாஸ்ட்?’ என்று கேள்வி ‘டஸ்’ என்று தொடங்கினால் பின்னால் ‘டூ’ என்று முடியும். ‘இஸ் ஷி டால்?’ என்று தொடங்கினால் ‘ஆம்’. கேள்வியின் முதல் சொல்லும் ஒப்பீட்டின் கடைசிச் சொல்லும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

‘ஐ’யும் வேண்டாம் ‘மீ’யும் வேண்டாம் என்று ‘தேன் மைசெல்ஃப்’ எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்வதில்லை. அதே வாக்கியத்தில் முன்னால் ‘ஐ’ வந்து, அதே ஆளைத் திரும்பச் சுட்டும்போது வர வேண்டிய சொல் அது. ‘ஷி இஸ் ஃபாஸ்டர் தேன் மைசெல்ஃப்’ என்பதில் சுட்டித் திரும்ப ஆளில்லை.

எங்கே எதை என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். போட்டித் தேர்வின் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ‘ஷி இஸ் டாலர் தேன் மீ’ என்று கொடுத்து ‘மீ’யின் கீழே கோடு போட்டிருந்தால், அதைப் பிழை என்றே குறியுங்கள். அங்கே விடைத்தாள் பழைய விதிப்படிதான் இருக்கும். புல்லத்தைத் துணைக்கு அழைத்து மதிப்பெண் வாங்க முடியாது. ஆனால் கோட்டைப் பார்த்ததும் குறிக்காமல் வினையை விரித்துப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். கேள்வி தயாரிப்பவர்களும் ‘அஃபெக்ட்ஸ் ஹெர் மோர் தேன் மீ’ என்று சரியான வாக்கியத்தை வைத்து ஆழம் பார்க்கலாம்.

பேச்சில், நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில், நேர்முகத் தேர்வில்கூட, உயரம், வேகம், வயது போன்ற ஒப்பீடுகளுக்கு ‘தேன் மீ’ தாராளமாகச் சொல்லலாம். நேர்முகத்தில் ‘தேன் மீ’ என்று சொல்லிவிட்டு, ஐயோ என்று நடுவில் நிறுத்தி ‘தேன் ஐ’ என்று திருத்துவதுதான் காதில் உறுத்தும். அந்தச் சந்தேகம் இருப்பவர்கள் ‘தேன் ஐ ஆம்’ என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பேச்சிலும் அது இயல்பாகவே ஒலிக்கும்.

அலுவலகக் கடிதம், மெயில், விண்ணப்பம் இவற்றில் நான் எழுவாயாக இருந்தால் வினையைச் சேர்த்து எழுதுங்கள். செயப்படுபொருளாக இருந்தால், இன்னொரு பொருளுக்கு வழியில்லாதபோது ‘தேன் மீ’ என்று துணிந்து எழுதுங்கள். ‘தி ஷிஃப்ட் அஃபெக்ட்ஸ் ஹெர் லெஸ் தேன் மீ’ என்பது எந்த மேலாளர் முன்னாலும் நிற்கும். நம்புவது, கூப்பிடுவது, உதவுவது, மதிப்பது போன்று இருபுறமும் மனிதர்கள் வரும் வினையாக இருந்தால் இரண்டு பாதியையும் முழுதாக எழுதிவிடுங்கள்.

வெறும் ‘தேன் ஐ’ என்று நிறுத்த எங்கே இடம்? தேர்வுத் தாளைத் தவிர, மிக முறையான மேடை உரையிலும் பழைய நடையில் எழுதும் கட்டுரையிலும் அது பொருந்தும். தவறில்லை. ஆனால் அன்றாடம் எழுதுவதற்கு அதைத் தேடிப் போக நான் காரணம் காணவில்லை.

‘ஆஸ் டால் ஆஸ்’ என்று சமமாக ஒப்பிடும்போதும் இதே சோதனைதான், இதே விடைதான். ‘நோ ஒன் அதர் தேன் மீ’ என்பது மட்டும் வேறு கதை. ‘தவிர’ என்ற பொருளில் வரும் ‘அதர் தேன்’ என்பதற்குப் பின்னால் வினையை விரிக்க முயல வேண்டாம், ‘மீ’ என்று போட்டுவிட்டு மேலே போங்கள்.

சோதனை உதவாத இடமும் ஒன்று உண்டு. ‘யூ’ என்ற சொல் எழுவாயாக இருந்தாலும் செயப்படுபொருளாக இருந்தாலும் வடிவம் மாறாது. ஆட்களின் பெயர்களும் மாறாது. ‘ஐ ட்ரஸ்ட் ஹெர் மோர் தேன் யூ’ என்று ஒருவருக்கு எழுதினால், நீ அவளை நம்புவதைவிட நான் அதிகம் நம்புகிறேன் என்றும் படிக்கலாம், உன்னை நம்புவதைவிட அவளை அதிகம் நம்புகிறேன் என்றும் படிக்கலாம். பெயர் வந்த இடத்தில் மனதுக்குள் ‘ஹீ’, ‘ஹிம்’ என்று மாற்றி வைத்துப் பார்த்தால், நான் சொல்ல வந்தது எது என்று எனக்குத் தெளியும். அந்தத் தெளிவு படிப்பவருக்குப் போய்ச் சேராது, தாளில் இருப்பது பெயர்தானே. ஆகவே ‘யூ’ வந்தாலோ பெயர் வந்தாலோ வடிவத்தை நம்பாதீர்கள். ‘தேன் யூ டூ’ என்றோ ‘தேன் ஐ ட்ரஸ்ட் யூ’ என்றோ வினையை எழுதித்தான் ஆக வேண்டும்.